ஆஸ்பத்திரியில் இருந்ததால் மூன்று பேப்பர் போகிறது. இந்தக் கடிதம் போதுமா?

பாலக்கோடு_பாரதி · டிசம்பர் 8, காலை 10:15

எல்லோருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி கிடையாது. நவம்பர் கடைசியில் ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் குறையவில்லை. டிசம்பர் 2 ராத்திரி தருமபுரியில் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்கு. பிளேட்லெட் 38 ஆயிரம் வரை இறங்கிவிட்டது. நேற்று, 7ஆம் தேதி மதியம்தான் டிஸ்சார்ஜ் ஆனேன்.

3ஆம் தேதியும் 5ஆம் தேதியும் செமஸ்டர் தேர்வு நடந்துவிட்டது. நாளை 9ஆம் தேதி இன்னொரு பேப்பர். எழுந்து பத்து அடி நடந்தாலே தலை சுற்றுகிறது, கண்டிப்பாக எழுத முடியாது. அதற்குப் பிறகு 13, 16 என்று இரண்டு இருக்கிறது, அவற்றை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். இதுவரை அரியர் கிடையாது, சி.ஜி.பி.ஏ. 8.7.

கல்லூரிக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> பொருள்: தேர்வைத் தள்ளி வைக்கக் கோருதல்.
>
> மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு, எனக்கு உடல்நிலை மிகவும் சரியில்லாத காரணத்தால் கடந்த ஒரு வாரமாக மருத்துவமனையில் இருந்தேன். அதனால் தேர்வுகள் எழுத இயலவில்லை. எனவே தாங்கள் பெரிய மனது வைத்து எனக்கு மட்டும் தேர்வுகளைத் தள்ளி வைத்து, வேறு ஒரு நாளில் எழுத அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: மருத்துவச் சான்றுகள்.

---

காவேரிப்பட்டணம் குமார் · காலை 10:52

முதலில் உடம்பைப் பார் தங்கச்சி, இளநீர் நிறையக் குடி. கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தால் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும் கண்டோனேஷன் கட்டி விட்டுவிடுவார்கள். தேர்வுக்கும் அதே கதைதான். ஒரே விஷயம், சர்டிபிகேட்டை 15 நாளைக்கு வாங்கிக்கொள். நாள் கூட இருந்தால்தான் மதிப்பு. தெரிந்த கிளினிக்கில் கேட்டால் தருவார்கள்.

---

ஊத்தங்கரை அம்மா · காலை 11:20

கண்ணு, என் பையனுக்கும் போன வருஷம் பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் அம்மை போட்டு இரண்டு பரீட்சை போய்விட்டது. நாங்களும் அழுது புரண்டோம். அப்புறம் ஜூன் கடைசியில் துணைத் தேர்வு வைத்தார்கள், எழுதி அதே வருஷம் காலேஜ் சேர்ந்துவிட்டான். உனக்கும் அதே மாதிரி ஒரு மாதத்தில் வைப்பார்கள், பயப்படாதே. ஸ்கூல் ஹெச்.எம்.மைப் போய்ப் பார்.

---

பாலக்கோடு_பாரதி · காலை 11:31

நன்றி அம்மா. எனக்குப் பள்ளித் தேர்வு இல்லை, இன்ஜினியரிங் செமஸ்டர். துணைத் தேர்வு மாதிரி இதற்கு எதுவும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த ஏப்ரல், மே செமஸ்டரில்தான் எழுத வேண்டும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதைத்தான் தவிர்க்க முடியுமா என்று கேட்கிறேன்.

---

தேர்வுப்பிரிவு முத்து · பகல் 12:40

பாரதி, நான் ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கடிதங்கள் வருஷத்துக்கு இருபதாவது என் மேசைக்கு வரும். பாதிக்கு மேல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் பொய் சொன்னதால் அல்ல, கொடுக்க முடியாததைக் கேட்டதால். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உன் கடிதத்தில் "தள்ளி வைக்க" என்று இருக்கிறது. அதை உன் முதல்வரால் செய்ய முடியாது. கேள்வித்தாள் பல்கலைக்கழகத்தினுடையது. மாநிலம் முழுக்க ஒரே நாள், ஒரே நேரம். ஒரு மாணவிக்காகத் தனித் தேதி கிடையாது. இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் முதல்வர் மேலே கையெழுத்துப் போட்டுப் பைலில் வைத்துவிடுவார், நீ வராதவள் கணக்கில் போய்விடுவாய். ஏப்ரலில் எழுதிப் பாஸ் செய்தாலும் அது இரண்டாவது முயற்சி என்றுதான் பதிவாகும்.

நீ கேட்க வேண்டியது வேறு. உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தில் "வித்ட்ராயல்" என்று ஒரு பகுதி இருக்கும், அதாவது தேர்விலிருந்து முறைப்படி விலகல். உடல்நலக் குறைவு, வீட்டில் எதிர்பாராத நிகழ்வு போன்ற காரணங்களுக்காக, படிப்புக் காலம் முழுவதிலும் ஏதாவது ஒரே ஒரு செமஸ்டரில், ஒன்றோ பலவோ பேப்பர்களிலிருந்து விலக அனுமதி கேட்கலாம். கல்லூரி பரிந்துரைத்துப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பேப்பருக்கு நேராக W என்று வரும். தேர்வை எப்படியும் ஏப்ரலில்தான் எழுதுவாய், அதில் மாற்றம் இல்லை. ஆனால் விலகியதை ஒரு முயற்சியாக எண்ண மாட்டார்கள்.

உனக்கு இது முக்கியம். சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு, நீங்கள் டிஸ்டிங்ஷன் என்று சொல்வது, அதற்கு சி.ஜி.பி.ஏ. 8.50 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். உன் 8.7 இந்த ஒரு கடிதத்தைப் பொறுத்து நிற்கிறது.

குமார் சொன்ன கண்டோனேஷன் உண்மைதான், ஆனால் அது வகுப்புக்கு வராத நாட்களுக்கு. ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்றாலே உன் அட்டெண்டன்ஸ் பிரச்சினை முடிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

அப்புறம் அந்த 15 நாள் சர்டிபிகேட் வேண்டவே வேண்டாம். 7ஆம் தேதியிலிருந்து 15 நாள் படுத்திருக்கச் சொல்லி ஒரு சான்று, ஆனால் 13ஆம் தேதி நீ ஹாலில் உட்கார்ந்து தேர்வு எழுதியிருக்கிறாய். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? முதல் மூன்று பேப்பருக்கான உண்மையான காரணமும் சேர்ந்து அடிபடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு மூன்று விஷயம் சொல்: பெயர் எப்படி எழுதியிருக்கிறது, சேர்ந்த தேதி என்ன, கடைசியில் அறிவுரை என்ற இடத்தில் ஓய்வு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

---

பாலக்கோடு_பாரதி · பகல் 1:25

ஐயா, ரொம்ப நன்றி. விலகல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது.

சம்மரியை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். சேர்ந்த தேதி 02, டிஸ்சார்ஜ் 07, சரியாக இருக்கிறது. ஓய்வு பற்றி எதுவும் இல்லை, "ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை" என்று மட்டும் இருக்கிறது. பெயர்தான் பிரச்சினை. அன்றைக்கு ராத்திரி அப்பா தக்காளி மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார், அத்தைதான் என்னைக் கூட்டிப் போனார். சீட்டு போடும் இடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். "பாரதி, 19" என்று இருக்கிறது, இனிஷியலும் இல்லை. ஹால் டிக்கெட்டில் செல்வபாரதி, இனிஷியலோடு. வயதும் 20.

---

ஓசூர் ராஜ் · பகல் 1:40

ஐயா, எனக்கும் இது உபயோகமாக இருக்கும் போலிருக்கிறது. போன மே மாதம் பைக் விழுந்து கை எலும்பு முறிந்து எம்-3 அரியர் பேப்பர் எழுதவில்லை. அதற்கும் இந்த விலகல் போடலாமா?

---

தேர்வுப்பிரிவு முத்து · பகல் 2:05

ராஜ், இல்லை தம்பி. அரியர் பேப்பருக்கு விலகல் பொருந்தாது, அது முதல் முயற்சியைக் காப்பாற்றத்தான். உனக்கு அந்த முயற்சி ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த தடவை பணம் கட்டி எழுது, வேறு நஷ்டம் இல்லை.

பாரதி, பெயர் இப்படி இருப்பது நிறைய நடப்பதுதான். ஆனால் அப்படியே இணைத்துவிடாதே. பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உன்னைத் தெரியாது. அவருக்கு "பாரதி, 19" ஒரு பெண், "செல்வபாரதி, 20" இன்னொரு பெண்.

---

காவேரிப்பட்டணம் குமார் · பகல் 2:18

ஐயா சொன்ன கண்டோனேஷன் விஷயத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் தங்கச்சி. பெயருக்கு வழி இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று சான்று வாங்கலாம். இல்லையென்றால் நோட்டரி அபிடவிட்.

---

நர்ஸ் மேரி · மாலை 3:10

நான் வேறு மாவட்டத்தில் அரசு மருத்துவமனை வார்டில் வேலை செய்கிறேன். வி.ஏ.ஓ. வரைக்கும் போக வேண்டாம் பாப்பா. எங்கே தவறாக எழுதினார்களோ அங்கேயே திருத்துவதுதான் சுலபம்.

உன் சம்மரியின் மேல் மூலையில் ஐ.பி. எண் இருக்கும். அதையும் ஆதார் நகலையும் கல்லூரி அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, பெயரையும் வயதையும் திருத்தித் தரச் சொல்லி நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி யாராவது போகட்டும். ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். ஆதாரைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். திருத்திய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீயே பேனாவால் ஒரு எழுத்துக்கூடச் சேர்த்துவிடாதே. நல்ல சம்மரி அதனாலேயே செல்லாமல் போய்விடும்.

ஓய்வுக்கு: சம்மரி நீ படுக்கையில் இருந்த நாட்களுக்கு மட்டும்தான் பேசும். 7ஆம் தேதிக்குப் பிறகு நீ எங்கே இருந்தாய் என்று அதில் இல்லை. உன்னைப் பார்த்த யூனிட் டாக்டரிடம் தனியாக மருத்துவச் சான்று கேள். 2 முதல் 7 வரை உள்நோயாளி, 8 முதல் இந்தத் தேதி வரை ஓய்வு என்று அவர் எழுதுவார். எத்தனை நாள் என்பது அவர் முடிவு. கையெழுத்துக்குக் கீழே அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வா. அவசரத்தில் சீல் குத்த மறந்துவிடுவார்கள், அப்புறம் திரும்ப ஒரு நாள் அலைச்சல்.

இன்னொன்று. பிளேட்லெட் ஏறிவிட்டது என்றாலும் டெங்குவுக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் அசதி இருக்கும். 13ஆம் தேதி முடியவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காதே.

---

தேர்வுப்பிரிவு முத்து · மாலை 3:45

சிஸ்டர் சொன்னதுதான் சரி. அந்த ஓய்வுச் சான்று இல்லாவிட்டால் 3, 5 இரண்டும் நிற்கும், 9ஆம் தேதிப் பேப்பர் விழுந்துவிடும். வீட்டில் இருந்த நாள்தானே, ஏன் வரவில்லை என்பார்கள்.

இப்போது கெடு. பத்து நாள் கணக்கு ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த காலத்து ரெகுலேஷனில் தேர்வுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது, அசாதாரணமான காரணம் இருந்தால் தகுதி பார்த்துப் பரிசீலிக்கலாம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

---

ஓசூர் ராஜ் · மாலை 4:02

ஐயா, என் சீனியர் தேர்வு முடிந்து பத்து நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று சொன்ன ஞாபகம்.

---

தேர்வுப்பிரிவு முத்து · மாலை 4:20

ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் மாறும். பாரதி, உன் பேட்ச் எதில் வருகிறதோ அதை எடுத்து அந்த ஒரு பக்கத்தைப் படி. எப்படி இருந்தாலும் 3ஆம் தேதியிலிருந்து எண்ணிப் பத்து நாளைத் தாண்டாதே. சான்று முழுதாகக் கைக்கு வரவில்லை என்றாலும் கடிதத்தை முதலில் கொடு, "திருத்திய சம்மரி பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று ஒரு வரி போட்டுவிடு.

3ஆம் தேதி காலையில் நீ வரவில்லை என்று கல்லூரிக்கு யாராவது சொன்னார்களா?

---

பாலக்கோடு_பாரதி · மாலை 4:33

ஆமாம் ஐயா. ரூம்மேட் எங்கள் வகுப்பு ஆலோசகருக்கு காலை 8:40க்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். நான் டிரிப்ஸ் போட்டுப் படுத்திருந்த போட்டோவும் அனுப்பினாளாம். மேடம் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்" என்று பதில் போட்டிருக்கிறார்.

---

தேர்வுப்பிரிவு முத்து · மாலை 4:41

அதை அச்செடுத்து இணை. தேர்வு தொடங்கும் முன்பே கல்லூரிக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தேர்வு கஷ்டமாக இருந்தது என்று பிறகு யோசித்து ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்கவில்லை என்று அந்த 8:40 சொல்லும். போட்டோ தேவையில்லை, செய்தியும் பதிலும் தேதியும் தெரிந்தால் போதும்.

---

தேன்மொழி · இரவு 8:15

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்கும் போன செமஸ்டரில் ஒரு ஆபரேஷன் நடந்தது. பெண்கள் சம்பந்தப்பட்டது. சம்மரியில் எல்லாம் விவரமாக எழுதியிருக்கும். அது துறை அலுவலகத்தில் எல்லோர் கையிலும் போகும் என்று நினைத்தே நான் கடிதம் கொடுக்காமல் விட்டுவிட்டேன். வேறு வழி இருந்ததா?

---

தேர்வுப்பிரிவு முத்து · இரவு 8:50

இருந்தது அம்மா, யாரும் உனக்குச் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. கடிதத்தில் நோயின் பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "உள்நோயாளியாக அறுவைச் சிகிச்சை பெற்றேன்" என்றால் போதும். சம்மரியை ஒட்டிய உறையில் வைத்து, மேலே "முதல்வர் பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, முதல்வர் கையிலேயே கொடுக்கலாம். நான் இருந்த இடத்தில் அப்படித்தான் வாங்கினோம்.

---

நர்ஸ் மேரி · இரவு 9:05

டாக்டரிடமும் கேட்கலாம். தேதிகளையும் ஓய்வையும் மட்டும் எழுதி, நோயின் பெயரைப் பொதுவாகச் சொல்லிச் சான்று தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

தேன்மொழி · இரவு 9:20

எங்கள் கல்லூரியில் துறைத் தலைவர் பிரித்துப் பார்க்காமல் மேலே அனுப்ப மாட்டார். ஆனாலும் கேட்டதற்குப் பதில் கிடைத்தது, நன்றி.

---

பாலக்கோடு_பாரதி · டிசம்பர் 10, இரவு 7:30

நேற்று அப்பா மண்டிக்கு லீவு போட்டுவிட்டுத் தருமபுரி போனார். பெயர் திருத்தம் கிடைத்தது. "பாரதி" மேல் ஒரு கோடு, பக்கத்தில் முழுப் பெயர், இனிஷியல், வயது 20, கையெழுத்து, ஊதா சீல். ஓய்வுச் சான்றில் டாக்டர் 12ஆம் தேதி வரை ஐந்து நாள் எழுதியிருக்கிறார். முதலில் பதிவு எண் இல்லை. சிஸ்டர் சொன்னதால் அப்பா அங்கேயே நின்று கேட்டு வாங்கினார்.

மாற்றி எழுதிய கடிதம் இது. பெயர், பதிவு எண் எல்லாம் இங்கே எடுத்துவிட்டேன்.

> அனுப்புநர்: பெயர், பதிவு எண், இ.சி.இ. ஐந்தாம் செமஸ்டர்
>
> பெறுநர்: முதல்வர் (வழி: துறைத் தலைவர்)
>
> பொருள்: உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றதால் மூன்று பாடத் தேர்வுகளிலிருந்து விலகல் அனுமதி வேண்டி, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பரிந்துரைக்கக் கோருதல்.
>
> ஐயா,
>
> டெங்கு காய்ச்சல் காரணமாக 02.12 இரவு முதல் 07.12 வரை அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். 12.12 வரை ஓய்வில் இருக்க மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். ஆகவே 03.12, 05.12, 09.12 ஆகிய நாட்களில் நடந்த கீழ்க்கண்ட மூன்று பாடங்களின் தேர்வுகளை எழுத இயலவில்லை. இவை மூன்றும் நான் முதல் முறையாகப் பதிவு செய்த பாடங்கள். இதற்கு முன் எந்த செமஸ்டரிலும் விலகல் கோரியதில்லை. 13.12 முதல் உள்ள தேர்வுகளை எழுத உள்ளேன்.
>
> மருத்துவமனையில் சேர்க்கும்போது என் பெயரும் வயதும் தவறாகப் பதிவாகின. நிலைய மருத்துவ அலுவலரால் அவை திருத்தப்பட்டுள்ளன.
>
> மேற்கண்ட மூன்று பாடங்களுக்கும் விலகல் அனுமதி கிடைக்கப் பரிந்துரைத்து உதவுமாறு வேண்டுகிறேன்.
>
> இணைப்பு (சுய சான்றொப்பமிட்ட நகல்கள்):
> 1. திருத்திய டிஸ்சார்ஜ் சம்மரி, 2 பக்கம்
> 2. மருத்துவச் சான்று, 08.12 முதல் 12.12 வரை ஓய்வு, 1 பக்கம்
> 3. ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், 03.12 முதல் 07.12 வரை, 5 பக்கம்
> 4. ஹால் டிக்கெட், 1 பக்கம்
> 5. முந்தைய நான்கு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், 4 பக்கம்
> 6. 03.12 காலை 8:40க்கு வகுப்பு ஆலோசகருக்குத் தெரிவித்த செய்தியின் அச்சு, 1 பக்கம்
> 7. ஆதார் அட்டை, 1 பக்கம்
>
> அசல்கள் சரிபார்ப்புக்குக் காட்டப்படும்.

---

தேர்வுப்பிரிவு முத்து · இரவு 8:10

நன்றாக வந்திருக்கிறது அம்மா. பக்க எண்ணிக்கை போட்டது எனக்குப் பிடித்தது. நடுவில் ஒரு தாள் காணாமல் போனால் எங்கே போனது என்று கேட்க அதுதான் ஆதாரம். "கீழ்க்கண்ட மூன்று பாடங்கள்" என்றாயே, பாடக் குறியீட்டோடு ஒரு சின்ன அட்டவணை போட்டுவிடு. பெயரை மட்டும் எழுதினால் குறியீடு தேடவே ஒரு நாள் போகும்.

அசல் சம்மரியை யார் கேட்டாலும் விட்டுவிடாதே. மறுபரிசோதனைக்கு அதைத்தான் கேட்பார்கள். இரண்டு பிரதி கொண்டு போ, ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வரவு எண்ணும் வாங்கி வீட்டில் வை.

---

பாலக்கோடு_பாரதி · டிசம்பர் 11, மாலை 5:05

அட்டவணை போட்டுவிட்டேன். அப்பாவும் மாமாவும் போய்க் கொடுத்தார்கள். துறைத் தலைவர் உடனே பரிந்துரை எழுதிவிட்டார். தபால் பிரிவில் முத்திரை குத்த முதலில் யோசித்திருக்கிறார்கள், மாமா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தார். வரவு எண் இருக்கிறது.

முதல்வர் அறையில் ஒரு விஷயம் சொன்னார்களாம். 3, 5 பேப்பர் பிரச்சினை இருக்காது, 9ஆம் தேதிக்கு ஓய்வுச் சான்றைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று சொல்ல முடியாது, மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறோம் என்று. இன்டர்னல் மார்க் அப்படியே ஏப்ரலுக்குப் போகுமா என்று கேட்டதற்கும், உத்தரவு வந்த பிறகு தேர்வுப் பிரிவில் வந்து கேட்கச் சொல்லிவிட்டார்கள்.

நாளை மறுநாள் தேர்வு. இன்று மொட்டை மாடி வரை ஏறி இறங்கிப் பார்த்தேன், தலை சுற்றவில்லை. முத்து ஐயா, சிஸ்டர், உத்தரவு வந்ததும் இங்கேயே வந்து சொல்கிறேன்.

---

ஊத்தங்கரை அம்மா · மாலை 5:40

நல்லா எழுது கண்ணு. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டுப் போ.